மாடித்தோட்டச் சேனலுக்கு அறிமுகம் எழுதிய கதை

யூடியூப் சேனலின் அறிமுகப் பகுதிக்கு ஆயிரம் எழுத்துதான் இடம். யூடியூப் ஸ்டூடியோவில் Customization போய், Profile பக்கத்தில் Description என்று ஒரு பெட்டி இருக்கும். அதுதான் இது. பலர் சேனல் தொடங்கும் அன்று அதில் ஏதோ இரண்டு வரி தட்டிவிட்டு அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. திருச்சியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு அக்கா மாடித்தோட்டச் சேனல் ஆரம்பித்தபோது, இந்தப் பெட்டியை உருப்படியாக நிரப்பித் தரச் சொன்னார். வீடியோக்களுக்குத் தலைப்பும் விவரமும் எழுதுவது எனக்குப் பிழைப்பு என்பதால் என்னைப் பிடித்தார். செய்ததைச் செய்த வரிசையில் எழுதிவைக்கிறேன். சேனல் பெயரை அவர் சொல்ல வேண்டாம் என்றதால் சொல்லவில்லை.

அவர் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தார். இப்படி:

"வணக்கம் நண்பர்களே! எங்கள் சேனலுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். மாடித்தோட்டம், மாடி தோட்டம், வீட்டுத்தோட்டம், இயற்கை விவசாயம், ஆர்கானிக் கார்டன், 100% ஆர்கானிக், மூலிகைத் தோட்டம், போன்சாய், ஹைட்ரோபோனிக்ஸ், ரோஜா வளர்ப்பு, பழ மரங்கள், மண்புழு உரம், பஞ்சகவ்யா, மீன் அமிலம்..."

இப்படியே பெட்டி நிரம்பும் வரை போகிறது. நடுவில் பெரிய தோட்டச் சேனல்கள் இரண்டின் பெயர்களும் இருந்தன. "அவங்களைத் தேடுறவங்க என்னையும் பார்ப்பாங்கல்ல தம்பி" என்றார்.

முதல் வேலையாக அந்த இரண்டு பெயர்களை எடுத்தேன். மற்ற சேனலின் பெயரைத் தன் விவரத்தில் போட்டு ஆள் இழுப்பது பார்க்கிறவரைத் தவறாக வழிநடத்தும் வேலை. யூடியூப் விதிகளில் அதற்கு இடமில்லை. விதியை விடுங்கள், அந்தப் பெரிய சேனலைத் தேடி வந்தவர் இதைப் பார்த்தால் "நகல் கடை" என்றுதான் நினைப்பார்.

அடுத்து போன்சாய், ஹைட்ரோபோனிக்ஸ். மாடியில் ஒரு பம்பு கிடையாது, போன்சாய்த் தொட்டி கிடையாது. இருப்பது சுமார் நாற்பது க்ரோ பேக், ஒரு பச்சை நிழல்வலை, மூலையில் இரண்டு உர டிரம். "நாளைக்குப் போடலாம்ல" என்றார். போட்ட அன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி எடுத்துவிட்டேன். இதற்காக ஒரு விதியும் வைத்துக்கொண்டோம். சேனலில் வீடியோ இருக்கும் சொல்லுக்கு மட்டும்தான் அறிமுகத்தில் இடம். ஹைட்ரோபோனிக்ஸ் என்று தேடி உள்ளே வந்தவர் ஒரு வீடியோவும் காணாமல் உடனே வெளியேறினால் அந்தச் சொல் கொண்டுவந்த ஆளால் யாருக்கும் பயனில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அக்கா நினைத்தது, அறிமுகத்தில் "தக்காளி" என்று இருந்தால் அவருடைய தக்காளி வீடியோ தேடலில் மேலே வரும் என்று. அப்படி வேலை நடப்பதில்லை. தேடலில் வீடியோக்களை வரிசைப்படுத்தும்போது அந்தந்த வீடியோவின் தலைப்பு, விவரம், டேக், வீடியோவின் உள்ளடக்கம் ஆகியவை தேடிய சொல்லோடு எவ்வளவு பொருந்துகின்றன, பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையெல்லாம் கவனிப்பதாக யூடியூப் சொல்கிறது. தக்காளி வீடியோவைத் தூக்க வேண்டுமென்றால் தக்காளி வீடியோவின் தலைப்பைத்தான் திருத்த வேண்டும். சேனல் அறிமுகம் செய்யும் வேலை வேறு. யாராவது தேடி, சேனல்களை மட்டும் காட்டச் சொல்லி வடிகட்டும்போது பெயருக்குக் கீழே அறிமுகத்தின் ஒரு துண்டு தெரிகிறது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு "யார் இவங்க" என்று சேனல் பக்கத்துக்கு வருகிறவர் பெயருக்குக் கீழே முதல் வரியைப் பார்க்கிறார். இந்த இரண்டு இடங்களிலும் சொல் சரியாக அமைந்தால் சந்தா விழும். இதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அதனால் முதல் வரிதான் உயிர். முன்பு About என்று தனிப் பக்கமே இருந்தது. இப்போது அது இல்லை. பெயருக்கும் சந்தா எண்ணிக்கைக்கும் கீழே அறிமுகத்தின் தொடக்கம் மட்டும் தெரியும், அதைத் தொட்டால்தான் முழுதும் ஒரு சின்னப் பெட்டியாகத் திறக்கும். கைப்பேசியில் அந்தத் தொடக்கம் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. அக்காவின் கைப்பேசியில் திறந்து காட்டினேன். "வணக்கம் நண்பர்களே! எங்கள் சேனலுக்கு உங்..." என்பதோடு அறுந்து நின்றது. மாடித்தோட்டச் சேனலா, ஜோதிடச் சேனலா என்றே தெரியவில்லை. வணக்கம் சொல்வதை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

சரி, எந்தச் சொற்களை வைப்பது? இங்கேதான் அதிக நேரம் போனது.

முதலில் யூடியூப் தேடல் பெட்டி. அக்காவின் கணக்கில் தேடினால் அவர் ஏற்கெனவே பார்த்ததையே காட்டும் என்பதால், கணக்கு எதுவும் உள்நுழையாத தனிச் சாளரத்தில் தட்டினோம். "மாடி" என்று நிறுத்திப் பார்ப்பது, "மாடி தோ" என்று நிறுத்திப் பார்ப்பது, அப்புறம் ஆங்கில எழுத்தில் maadi, madi என்று தட்டுவது. கீழே விழும் பரிந்துரைகள் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. எத்தனை பேர் தேடினார்கள் என்று அது சொல்லாது, எப்படி எழுதித் தேடினார்கள் என்று சொல்லிவிடும். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். கூகுள் ட்ரெண்ட்ஸிலும் பார்க்கலாம். அங்கே இடத்தை இந்தியா என்றும், தேடல் வகையை YouTube Search என்றும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூகுளில் தேடியவர்களின் கணக்கைக் காட்டும். இரண்டு சொற்களை ஒப்பிட அது நல்ல இடம், ஆனால் "அரைக்கீரை வளர்ப்பு" போன்ற சின்னச் சொற்களுக்குப் போதிய தரவு இல்லை என்று கையை விரித்துவிடும்.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது அக்காவின் வாட்ஸாப். தெருவில், உறவில், கோயில் குழுவில் எல்லோரும் செடிக்கு ஏதாவது ஆனால் அவரிடம்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை மேலே தள்ளிப் படித்தேன். ஒருவர் மிளகாய்ச் செடியின் படம் அனுப்பி "அக்கா, இலையெல்லாம் கப்பல் மாதிரி மேல சுருளுது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "செம்பருத்தியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு". இன்னொருவர் "தொட்டி மண்ணுல என்னென்ன கலக்கணும்". முதல் கேள்விக்கு அக்கா, இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று சட்டென்று பதில் போட்டிருந்தார். அவர் வீடியோவிலும் இதை அழகாகக் காட்டியிருக்கிறார், இலையைத் திருப்பிப் பிடித்து, ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டி, விழுந்து ஓடும் பேனைக் காட்டி. ஆனால் அவருடைய பழைய அறிமுகத்தில் "இலை சுருட்டல்" என்ற சொல்லே இல்லை. பஞ்சகவ்யா இருந்தது, அதைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

செடி வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர் உரத்தின் பெயரைத் தேட மாட்டார், அவருக்கு அதன் பெயரே தெரியாது. செடியின் பெயரையும் கண்ணில் பட்ட நோயையும்தான் தேடுவார். எனவே "மீன் அமிலம்" போய் "மாவுப்பூச்சி" வந்தது. "மண்வளம்" போய் "மண் கலவை" வந்தது. பொருள்களின் பெயரிலும் கடையில் என்ன சொல்கிறார்களோ அதையே வைத்தோம். யாரும் கடையில் போய் "வளர்ப்புப் பை கொடுங்கள்" என்று கேட்பதில்லை. க்ரோ பேக் என்றால் கிடைக்கும். தமிழில் எழுதுகிறோம் என்பதற்காக அதை மாற்றினால் தேடுகிறவர் கையில் அகப்படாது.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் terrace garden என்ற சொல்லை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் அது அப்படியே இருக்கும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டியதும் சொல்லின் வால் மாறிவிடுகிறது. "மாடித்தோட்டத்தில்" என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அதற்குள் "மாடித்தோட்டம்" இல்லை. கடைசி "ம்" போய் "த்தில்" வந்துவிட்டது. அக்கா எழுதியது போல வெறும் சொற்களைக் கமா போட்டு அடுக்கினால் இந்தத் தொல்லை இல்லைதான், ஆனால் அதை எந்த மனிதரும் படிக்க மாட்டார். வாக்கியமாகவும் இருக்க வேண்டும், சொல்லும் தேடுகிற வடிவில் முழுதாக நிற்க வேண்டும்.

இதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. பெயர்களை அடுக்கி, கடைசியில் "ஆகியவற்றை" என்று ஒரு சொல்லைப் போட்டால் உருபு முழுதும் அதன் தலையில் விழும். முன்னால் நிற்கும் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் உருபு ஒட்டாமல் அப்படியே நிற்கும். "தக்காளியையும் கத்தரியையும் வெண்டையையும்" என்று எழுத வேண்டியதில்லை. அதேபோல முக்கியமான சொல்லுக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்தால் உருபு தேவைப்படாது. "என்று" போட்டாலும் அப்படித்தான். "தொடங்குபவர்கள்" போன்ற வினைக்கு முன்னால் வரும் பொருளையும் உருபில்லாமல் விடலாம். "வீட்டுத்தோட்டம் தொடங்குபவர்கள்" என்றால் யாருக்கும் இடறாது. இந்த நாலு உத்தியை வைத்தே முக்கியமான சொற்களெல்லாம் குறைந்தது ஒரு முறையாவது முழு உருவில் வரும்படி எழுதிவிட்டோம்.

சந்தி இன்னொரு தலைவலி. எழுத்தில் "மாடித்தோட்டம்" சரி. கைப்பேசியில் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் "மாடி தோட்டம்" என்று பிரித்து, த் இல்லாமல்தான் தட்டுகிறார்கள். இரண்டையும் அறிமுகத்தில் போட்டால் எழுத்துப்பிழை போலத் தெரியும். அதனால் சரியான வடிவம் அறிமுகத்தில். பிரித்த வடிவங்கள், maadi thottam, madi thottam, veettu thottam போன்ற ஆங்கில எழுத்து வடிவங்கள் எல்லாம் இன்னொரு பெட்டிக்குப் போயின. ஸ்டூடியோவில் Settings, Channel, Basic info என்று போனால் Keywords பெட்டி இருக்கும். அது பார்க்கிறவர் கண்ணில் படாது. ஐந்நூறு எழுத்து கொள்ளும். வீடியோ டேக் பற்றி யூடியூப் சொல்வது, தப்பாக எழுதித் தேடப்படும் சொற்களுக்கு அது உதவும், மற்றபடி அதன் பங்கு குறைவு என்பது. இந்தப் பெட்டியையும் நான் அதே கணக்கில்தான் வைத்தேன், எழுத்து வேறுபாடுகளைக் கொட்டிவைக்கும் இடமாக. அதே பக்கத்தில் நாட்டையும் இந்தியா என்று தேர்ந்தெடுத்துவிட்டோம். அது காலியாகவே இருந்தது.

இப்போது இடக் கணக்கு. ஆயிரம் எழுத்து என்றால் தாராளம் என்று தோன்றும். பெட்டி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. மெய்யின் புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "கீரை" நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு நான்கு: க, ஈகாரக் குறி, ர, ஐகாரக் குறி. "மாடித்தோட்டம்" நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று. ஆகவே தமிழில் எழுதினால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் சுமார் ஐந்நூற்றைம்பது, அறுநூறுதான் தேறும். அக்காவின் பழைய பட்டியல் பாதியில் அறுந்து நின்றதற்குக் காரணம் இதுதான். பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே எழுதுவது நல்லது.

"100% ஆர்கானிக்" என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். அக்காவுக்கு அந்தச் சொல்மேல் ஆசை. தேடலிலும் நன்றாகப் போகும் சொல்தான். நான் அவருடைய விதை டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். கீரை விதை, கத்தரி விதை எல்லாம் அவரே எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்திருந்தவை. தக்காளி மட்டும் கடையில் வாங்கிய ஹைப்ரிட் பாக்கெட். உள்ளங்கையில் கொட்டினால் இளஞ்சிவப்பாக இருந்தது. விதை அழுகாமல் இருக்கப் பூஞ்சைக்கொல்லி பூசி, பூசியது தெரிய வேண்டும் என்பதற்காகச் சாயம் சேர்த்து விற்பார்கள். பாக்கெட்டின் பின்னாலேயே உண்ணக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தது. அந்த விதையை அவர் வீடியோவில் நெருக்கத்தில் காட்டியும் இருக்கிறார். அதைப் பார்த்த விவரமான ஆள் ஒருவர் கேட்டுவிட்டால் "100%" என்ன ஆகும்?

"அப்ப என்னன்னு போடறது?" என்றார். செய்வதை அப்படியே போடலாம் என்றேன். அவர் ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை, அது உண்மை. வேப்பெண்ணெயை லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கணக்கில், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கிறார். மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கட்டியிருக்கிறார். அதைச் சொன்னால் "ரசாயனம் இல்லாமல்" என்று தேடுகிறவருக்கும் அகப்படும், பொய்யும் இல்லை. இன்னொன்றும் உண்டு. பின்னால் அவர் காயோ விதையோ விற்க இறங்கினால் ஆர்கானிக் என்று எழுதி விற்பதற்குச் சான்று, விதிமுறை எல்லாம் இருக்கிறது. இன்றைக்கே அந்தச் சொல்லில் சேனலைக் கட்டிவைத்தால் அன்றைக்குச் சங்கடம்.

கைப்பேசி எண்ணையும் எடுத்தோம். விதை வேண்டுபவர்கள் அழைக்கட்டும் என்று எண்ணையும் தெருப் பெயரையும் போட்டிருந்தார். வீட்டில் தனியாக இருக்கும் நேரம் அதிகம் என்பவர் அதைப் போடவே கூடாது. சேனலுக்கென்று தனி மின்னஞ்சல் திறந்து, அதே Profile பக்கத்தின் தொடர்புப் பகுதியில் போட்டோம். இன்ஸ்டாகிராம் இணைப்புக்கும் அதே பக்கத்தில் தனிப் பெட்டி இருக்கிறது. முதலில் வைக்கும் இணைப்பு சேனல் முகப்பிலேயே தெரியும். அறிமுகத்துக்குள் இணைப்பைத் திணித்து எழுத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் வரிக்கு வருவோம். பொதுவாக "மாடித்தோட்டம் பற்றிய சேனல்" என்று எழுதினால் அதுபோல நூறு சேனல் இருக்கும். இவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று வீடியோக்களை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்று திருச்சி வெயில். மே மாதத்தில் மொட்டைமாடித் தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கிறது. அவர் க்ரோ பேக்குகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் ஏற்றி, நடுப்பகலுக்கு நிழல்வலை இழுத்து, காலையிலும் மாலையிலும் தண்ணீர் விடுகிறார். குளிர்ந்த ஊர்க்காரர் சொல்லும் யோசனை இங்கே செல்லாது என்று தெரிந்தவர்களுக்கு இந்த வெயில் என்ற சொல்லே அழைப்பு. இரண்டாவது, ஒரே செடியை விதையிலிருந்து காய் வரை தொடர்ந்து காட்டுகிறார், வழியில் செத்தால் அதையும் காட்டுகிறார். இந்த இரண்டில் ஊரும் வெயிலும் முதல் வரிக்குப் போயின, செடித் தொடர் இரண்டாவது பத்திக்குப் போனது.

கடைசியில் நின்ற வாசகம் இது:

"திருச்சி வெயிலில் மாடித்தோட்டம்: க்ரோ பேக்கில் காய்கறி, கீரை வளர்ப்பு.

தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், அரைக்கீரை ஆகியவற்றை விதை போடுவது முதல் காய் பறிப்பது வரை, ஒரே செடியைத் தொடர்ந்து காட்டுகிறேன். வழியில் செத்துப்போனால் அதையும் காட்டுவேன்.

வீட்டுத்தோட்டம் புதிதாகத் தொடங்குபவர்கள் மண் கலவை, சமையலறைக் கழிவு உரம், மாவுப்பூச்சி, இலை சுருட்டல் ஆகியவற்றைத் தனித்தனி வீடியோக்களில் பார்க்கலாம். ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலும் மஞ்சள் ஒட்டுப்பொறியும்தான்.

ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று பட்டம் வாரியாக பிளேலிஸ்ட் உண்டு.

maadi thottam, terrace garden in Tamil என்று தேடி வந்தவர்களுக்கும் இதுதான் இடம்."

ஆயிரத்துக்குள் வசதியாக அடங்கி, மிச்சமும் இருந்தது. மிச்சத்தை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. "ஆயிரம் கொடுத்திருக்காங்களே" என்று அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பட்ட வரியைப் பற்றிக் கொஞ்சம். ஆடியிலும் தையிலும் விதை போடும் நேரம் வந்ததும் அந்தச் சொற்களுக்குத் தேடல் எகிறும், மற்ற மாதங்களில் அடங்கிக் கிடக்கும். அறிமுகத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் இரண்டு பட்டத்தையும் ஒரே வரியில் வைத்துவிட்டோம். "ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ வரும்" என்ற வாக்குறுதியை மட்டும் விட்டுவிட்டோம். செடி ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பூப்பதில்லை.

கடைசி வரியில் ஆங்கில எழுத்து எதற்கு, Keywords பெட்டியில்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். சேனல்களைத் தேடும்போது காட்டும் துண்டில் தேடிய சொல் கண்ணில் பட்டால் கை அங்கே போகும். மறைந்திருக்கும் பெட்டி அந்த வேலையைச் செய்யாது. ஆனால் இரண்டு வடிவத்துக்கு மேல் போட்டால் மறுபடி பட்டியல் வாசம் அடிக்கும்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் நான் தடுத்த ஒன்று இருக்கிறது. அறிமுகத்துக்கு இன்னொரு மொழியிலும் வாசகம் சேர்க்க ஸ்டூடியோ இடம் தருகிறது. வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் மகள் ஆங்கிலத்திலும் ஒன்று போடச் சொன்னார். நல்ல வசதிதான். ஆனால் எந்த வாசகத்தைக் காட்டுவது என்பது பார்க்கிறவரின் யூடியூப் எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அவர் எந்த மொழி பேசுகிறார் என்பதை அல்ல. நம் ஊரில் தமிழ் மட்டுமே படிப்பவர் கைப்பேசியும் பெரும்பாலும் ஆங்கில அமைப்பில்தான் கிடக்கிறது. ஆங்கில வாசகம் சேர்த்தால் அவர்கள் கண்ணில் படுவது அந்த ஆங்கிலம்தான், இவ்வளவு பாடுபட்டு எழுதிய தமிழ் முதல் வரி காணாமல் போகும். அக்காவின் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள் என்றேன். அதுவும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று அப்போதே முடிவானது.

சேமித்த பிறகு சரிபார்ப்பு. வேறொருவர் கைப்பேசியில் சேனலைத் திறந்து முதல் வரி எங்கே அறுகிறது என்று பார்த்தோம். "திருச்சி வெயிலில் மாடித்தோட்டம்" முழுதாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால்தான் புள்ளிகள். இதற்காகத்தான் முக்காற்புள்ளிக்கு முன்னால் அதை வைத்தது. பின்பாதி அறுந்தாலும் முன்பாதி தனியே நிற்கும். அப்புறம் சேனல் பெயரோடு "மாடித்தோட்டம்" சேர்த்துத் தேடி, வடிகட்டியில் சேனல் மட்டும் என்று வைத்துப் பார்த்தோம். புதுச் சேனல் என்பதால் பெயர் இல்லாமல் வெறும் "மாடித்தோட்டம்" என்று தேடினால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பல வருடமாக இருக்கும் சேனல்களைத் தாண்டி ஒரு பத்தி எழுத்து அவரை மேலே தூக்கிவிடாது. அதை அவரிடம் முன்பே சொல்லியிருந்ததால் முகம் வாடவில்லை.

பிற்பாடு பார்க்க வேண்டிய இடம் Analytics. அதில் பார்வை எங்கிருந்து வருகிறது என்ற பிரிவில் YouTube search என்பதைத் தொட்டால், என்ன சொல்லித் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் விரியும். ஆரம்பத்தில் அது காலியாகவோ நாலைந்து சொல்லோடோதான் இருக்கும். அக்காவின் சேனலில் கொஞ்ச நாளில் மேலே வந்து நின்றது மிளகாய் இலை சுருட்டல் பற்றிய தேடல்கள். தலைப்பில் "மிளகாய்ச் செடி இலை சுருட்டல்" என்று தெளிவாக இருந்த வீடியோ அது, பெருமை தலைப்புக்குத்தான். ஆனால் அங்கிருந்து சேனல் பக்கத்துக்கு வருகிறவர் அறிமுகத்தைத் திறந்தால் தன் பிரச்சினை அங்கே பெயர் சொல்லி இருக்க வேண்டும் அல்லவா? அதனால் மாவுப்பூச்சிக்குப் பின்னால் இருந்த இலை சுருட்டலை அந்த வரிசையின் தொடக்கத்துக்கு நகர்த்தி, "மிளகாய் இலை சுருட்டல்" என்று ஆக்கினோம். சமையலறைக் கழிவு உரம் கடைசிக்குப் போனது.

புடலை இன்னும் வெளியே நிற்கிறது. பந்தல் போட்டாயிற்று, கொடி ஏறிவிட்டது, வீடியோ வரவில்லை. பிஞ்சு நீளமாக இறங்கியதும் கல் கட்டித் தொங்கவிடுவதைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வீடியோ ஏறும் அன்று வெண்டைக்குப் பக்கத்தில் புடலையும் சேரும்.